‘மிக மிக அவசரம்’ வேண்டாம், நாளையும் மணியையும் சொல்லுங்கள்

எங்கள் ஒன்றியத்தின் வட்டாரக் கல்வி அலுவலர் அவர்களுக்கும், தலைமை ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி போடும் அலுவலக நண்பர்களுக்கும் வணக்கம்.

கழிப்பறைகளைப் பழுதுபார்க்கத் தேர்வான பள்ளிகளின் பட்டியல் வந்த விஷயம் உங்களுக்குத் தெரியும். எங்கள் பள்ளியின் பெயர் அதில் ஏன் இல்லை என்று அலுவலகத்தில் கேட்டேன். "நீங்க கொடுத்த விவரம்தானே டீச்சர்" என்றார்கள். உண்மைதான், நாங்கள் கொடுத்ததுதான். அதை எப்படிக் கொடுத்தோம் என்று சொல்லத்தான் இந்த மடல்.

செவ்வாய்க்கிழமை மதியம், பிள்ளைகள் சத்துணவுக்கு வரிசையில் நிற்கும் நேரத்தில் செய்தி வந்தது. "மிக மிக அவசரம். பழுதடைந்த கழிப்பறைகளின் விவரத்தை உடனடியாக அனுப்பவும். தவறினால் தலைமை ஆசிரியரே முழுப் பொறுப்பு." நீங்களே அனுப்பிவைத்த பயிற்சிக்காக நான் அன்று மதுரையில் இருந்தேன். எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. ஒருவர் பயிற்சிக்குப் போனால் ஐந்து வகுப்பையும் மற்றவர்தான் பார்க்க வேண்டும். உதவி ஆசிரியை ஒரு பக்கம் சாப்பாடு பரிமாறுவதைப் பார்த்துக்கொண்டு, இன்னொரு பக்கம் செல்பேசியையும் பார்த்துக்கொண்டிருந்தார். அரை மணி நேரத்துக்குள் "இன்னும் அனுப்பாத பள்ளிகள்" என்று ஒரு பட்டியல் வந்தது. அதில் எங்கள் பள்ளியின் பெயரும் இருந்தது.

அவர் என்ன செய்வார்? பதிவேட்டை எடுத்தார், போன ஆண்டு எழுதியிருந்ததைப் பார்த்தார், "பயன்பாட்டில் உள்ளவை 2, பழுது இல்லை" என்று அனுப்பிவிட்டார். அந்தப் பதிவுக்குப் பிறகுதான் மாணவிகள் கழிப்பறையின் கதவு கீல் பெயர்ந்து விழுந்தது. மேலே இருந்த தண்ணீர்த் தொட்டியில் விரிசல் விட்டதும் அப்புறம்தான். நடந்து போய்ப் பார்த்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்திருக்கும். அந்த இரண்டு நிமிடத்தைத்தான் உங்கள் செய்தி பறித்துக்கொண்டது.

மாவட்டத்தில் அந்த விவரத்தைக் கேட்டிருந்தது அடுத்த வாரக் கூட்டத்துக்கு என்று பிறகுதான் தெரிந்தது. நான் புதன்கிழமை காலை பள்ளிக்கு வந்துவிட்டேன். "வியாழன் மாலை 4 மணிக்குள்" என்று நீங்கள் எழுதியிருந்தால், நானே பார்த்து, படம் எடுத்து, சரியான எண்ணைக் கொடுத்திருப்பேன். இப்போது எங்கள் நான்காம், ஐந்தாம் வகுப்புப் பெண் பிள்ளைகள் இடைவேளையில் சாலையைத் தாண்டி வீட்டுக்கு ஓடுகிறார்கள். சில பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. இந்தச் சுற்று முடிந்துவிட்டது, அடுத்த பட்டியலில் பார்க்கலாம் என்கிறீர்கள். அந்த அடுத்த பட்டியலுக்கும் நாள் சொல்லவில்லை.

நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். ‘அவசரம்’, ‘உடனடியாக’ என்ற சொற்களை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் நாளையும் மணியையும் எழுதுங்கள்.

‘உடனடியாக’ என்றால் ஒருவருக்குப் பத்து நிமிடம், இன்னொருவருக்குச் சாயங்காலம், மூன்றாமவருக்கு இரண்டாவது நினைவூட்டல் வரும்வரை. பயந்த சுபாவக்காரர் கையில் கிடைத்த எண்ணைப் போட்டு முதலில் அனுப்புகிறார். அனுபவசாலி காத்திருக்கிறார், ஏனென்றால் எப்படியும் படிவம் மாறும் என்று அவருக்குத் தெரியும். இரண்டு பேருமே நீங்கள் சொன்னதைத்தான் செய்கிறார்கள். கடைசியில் உங்கள் கைக்கு வருவது பாதி பழைய விவரம், பாதி தாமதமான விவரம்.

இந்தச் சொல் உங்களிடம் மட்டும் பிறப்பதில்லை என்பதும் எனக்குத் தெரியும். மேலே இருந்து "வெள்ளிக்கிழமைக்குள்" என்று வருகிறது. தொகுக்க நேரம் வேண்டுமே என்று ஒன்றியத்தில் "மிக அவசரம்" ஆகிறது. குறுவள மையத்திலிருந்து எங்களுக்கு வரும்போது "மிக மிக அவசரம், இன்றே" ஆகிவிடுகிறது. ஒவ்வொரு படியிலும் தங்கள் பாதுகாப்புக்காகக் கொஞ்சம் நேரத்தை வெட்டிக்கொள்கிறார்கள். வெட்டுவது தவறில்லை, ஆனால் எவ்வளவு வெட்டினோம் என்பதை மறைக்கிறீர்கள். உண்மையான கெடு எது என்று தெரியாததால், எந்தக் கெடுவையும் யாரும் நம்புவதில்லை.

அன்றைய செய்தியை நான் எழுதியிருந்தால் இப்படி எழுதியிருப்பேன்:

"பழுதடைந்த கழிப்பறைகளை நேரில் பார்த்து, இணைத்துள்ள படிவத்தை வியாழக்கிழமை மாலை 4 மணிக்குள் அலுவலக மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள். வெள்ளிக்கிழமை தொகுத்து மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்புகிறோம், அடுத்த வாரக் கூட்டத்தில் பழுதுபார்ப்புக்கான பள்ளிகளை அதிலிருந்துதான் தேர்வு செய்வார்கள். வியாழனுக்குள் முடியாத பள்ளிகள் புதன்கிழமை மதியத்துக்குள் சொல்லிவிட்டால் வெள்ளி காலை 10 மணி வரை காத்திருக்கிறோம். அதற்குப் பின் வரும் பள்ளிகளை இந்தப் பட்டியலில் சேர்க்க இயலாது."

உங்கள் செய்தியைவிட இது நீளம்தான். ஆனால் இதில் மிரட்டல் இல்லை, கெஞ்சலும் இல்லை. ஏன் வியாழன் என்பதற்குக் காரணம் இருக்கிறது, அதனால் அந்த நாள் நியாயமாகத் தெரிகிறது. முடியாதவருக்கு ஒரு வழி இருக்கிறது, அந்த வழிக்கும் ஒரு நேரம் இருக்கிறது. தாமதமானால் என்ன ஆகும் என்பது தண்டனையாக இல்லாமல் நடக்கப்போகும் விஷயமாகச் சொல்லப்பட்டிருக்கிறது. "தாங்கள் கனிவுடன் உடனடியாக அனுப்புமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது" என்றும் சில சமயம் எழுதுகிறீர்கள். கனிவைச் சேர்த்தாலும் அது அதே விரட்டல்தான். அதே நேரம், "இயன்றால் இந்த வாரத்தில்" என்று தளர்த்தி எழுதினாலும் வேலை நடக்காது. அப்படி எழுதினால் யாரும் அனுப்ப மாட்டார்கள், நானும் அனுப்ப மாட்டேன்.

நாள் குறிப்பிடுவதிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. "இன்று மாலைக்குள்" என்று நீங்கள் போடும் செய்தி கைமாறிக் கைமாறி எங்களுக்கு மறுநாள் காலையில் வந்து சேரும். எந்த இன்று? "இரண்டு நாளில்" என்றால் எந்த நாளிலிருந்து? நடுவே ஞாயிறு வந்தால் அதையும் எண்ணுவதா? "வெள்ளிக்குள்" என்றால் வெள்ளிக்கிழமை அனுப்பலாமா, வியாழனோடு முடிந்துவிட்டதா? ஆகவே தேதி, கிழமை, மணி மூன்றையும் போடுங்கள். தேதியும் கிழமையும் பொருந்தாமல் போனால் தவறு என்று உடனே கண்ணில் படும், யாராவது கேட்டுவிடுவார்கள். மணியைக் குறிக்கும்போது உங்கள் அலுவலகம் மாலை 5.45 வரை என்பதையும், நாங்கள் அதற்கு முன்பே பள்ளியைப் பூட்டிவிடுவோம் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். மாலை 6 மணி என்று போட்டால், பள்ளியில் இருக்கும் பதிவேட்டைப் பார்க்காமல் வீட்டிலிருந்து எழுதும் விவரம்தான் வரும்.

சட்டம்கூட இப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன்படி குடிமக்கள் யார் வேண்டுமானாலும் தகவல் கேட்கலாம், 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். ஒருவரின் உயிரையோ சுதந்திரத்தையோ பற்றிய தகவலானால் 48 மணி நேரம். ஓர் உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்துக்கே சட்டம் மணிக்கணக்கைச் சொல்கிறது, எங்கள் கழிப்பறைக் கதவுக்குச் சொல்ல முடியாதா?

அழகர் ஆற்றில் இறங்கும் நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே அச்சடித்து அறிவிக்கிறார்கள். அந்த நேரத்தை நம்பித்தான் எங்கெங்கோ இருந்து ஜனங்கள் விடியுமுன்பே வைகைக் கரைக்கு வந்து நிற்கிறார்கள். "பக்தர்கள் உடனடியாக வரவும், தவறினால் பக்தரே பொறுப்பு" என்று யாரும் நோட்டீஸ் ஒட்டுவதில்லை. அவரே தங்கை கல்யாணத்துக்குப் பிந்தி வந்து, கோபித்துக்கொண்டு வண்டியூருக்குத் திரும்பிவிட்டார் என்று கதை சொல்கிறோம். அவருக்குப் போன ஓலையிலும் முகூர்த்த நேரம் இல்லாமல் "மிக மிக அவசரம்" என்று மட்டும் இருந்ததோ என்னவோ.

அப்புறம் அந்த 17(பி) ஒழுங்கு நடவடிக்கை மிரட்டல். ஆதார் எண்ணுக்கு 17(பி), வங்கிக் கணக்கு விவரத்துக்கு 17(பி), கூட்டத்தின் படம் போடவில்லை என்றால் அதற்கும் நடவடிக்கை. ஒரே விவரத்தைப் பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் ஏற்றி, கூகுள் படிவத்தில் நிரப்பி, தாளிலும் எழுதிக் கையொப்பமிட்டு அனுப்புகிறோம். தளம் சுற்றிக்கொண்டே இருக்கும் நேரத்தில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கழித்தல் கணக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவை தவிர கல்விசாராத வேலைக்கு ஆசிரியர்களை அனுப்பக்கூடாது என்கிறது. பள்ளி விவரம் கொடுப்பது அதில் வராது என்று நீங்கள் சொல்லலாம், நானும் வாதாடப்போவதில்லை. ஆனால் அதற்கான நேரத்தை யார் தருவது?

சரி, சொல்ல வந்ததை விட்டு எங்கேயோ போய்விட்டேன். மன்னியுங்கள்.

உண்மையான அவசரமே இல்லை என்று நான் சொல்லவில்லை. மழைக்கு வகுப்பறைச் சுவர் சாய்ந்தால், காலை உணவில் ஏதோ கோளாறு என்று தகவல் வந்தால், நீங்கள் ஒரு நிமிடம்கூடப் பொறுக்கக் கூடாது. அப்போது குழுவில் செய்தி போடாதீர்கள், தொலைபேசியில் கூப்பிடுங்கள். "உணவைப் பரிமாறாதீர்கள்", "வலப்பக்கக் கட்டடத்தில் பிள்ளைகளை உட்கார வைக்காதீர்கள்" என்று செய்ய வேண்டியதைச் சொல்லுங்கள். இப்போது அந்த மாதிரிச் செய்தியும் காலணி அளவு கேட்கும் செய்தியும் ஒரே மூன்று சிவப்புக் குறியோடு வருகின்றன. நூறு செய்திக்குக் கீழே கிடக்கும் எது உயிர்ச் செய்தி என்று நாங்கள் எப்படிக் கண்டுபிடிப்பது?

ஆகவே மறுபடியும் பணிவோடு கேட்கிறேன். எங்களுக்கு அவசரம் வேண்டாம், நாளையும் மணியையும் கொடுங்கள். உங்களுக்கு மேலே இருந்து நாள் குறிக்காமல் கேட்டால், ஒன்றியத்திலிருந்து ஒரு வரி திருப்பி எழுதிக் கேளுங்கள். எங்களால் உங்களைக் கேட்க முடியாவிட்டாலும் உங்களால் அவர்களைக் கேட்க முடியும்.

இந்த மடலை அடுத்த தலைமை ஆசிரியர்கள் கூட்டத்தின் கூட்டப்பொருளில் சேர்க்க வேண்டுகிறேன். கூட்டத்துக்கு முந்தைய நாள் மதியம் 3 மணிக்குள் சேர்த்தீர்களா இல்லையா என்று சொன்னால் போதும், மாணவிகள் கழிப்பறையின் படங்களையும் தச்சரிடம் வாங்கிய மதிப்பீட்டையும் கொண்டுவருவேன். அந்த மாதம் இயலாது என்றால், எந்த மாதம் என்று எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தொடக்கப் பள்ளித் தலைமை ஆசிரியை,
மதுரை மாவட்டம்.