கைநாட்டும் மூன்று ஆண்டுகளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

எழுதப் படிக்கத் தெரியாத என் அத்தையிடம் "அடமானப் பத்திரம்தான்" என்று சொல்லிக் கைநாட்டு வாங்கினார்கள். விரலில் மை காய்வதற்குள் காகிதத்தை மடித்துவிட்டார்கள். அது கிரையப் பத்திரம். கைநாட்டு வைத்தால் எல்லாம் போச்சு என்று ஊரே சொன்னது. அது உண்மையில்லை.

பத்திரத்தின் தன்மையையே மாற்றிச் சொல்லியிருந்தால் அது ஆரம்பத்திலிருந்தே செல்லாது. போலிக் கையெழுத்தும் அப்படித்தான், அதனால் யாருக்கும் உரிமை போய்ச் சேராது. ஆனால் இன்ன பத்திரம் என்று தெரிந்து, உள்ளே இருப்பதில் மட்டும் ஏமாந்திருந்தால் கதை வேறு. 1968-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த வழக்கு இது: ஒரு பெண் கணவருக்கு இரண்டு நிலங்களைத் தானம் எழுத ஒப்புக்கொண்டார். அவருக்குத் தெரியாமல் வேறு இரண்டு நிலங்களையும் கணவர் அதில் சேர்த்துவிட்டார். மோசடி என்று நீதிமன்றம் ஏற்றது. இருந்தும், தானப் பத்திரம் என்று தெரிந்தே எழுதிக் கொடுத்ததால், அவராக வழக்குப் போட்டு ரத்து செய்யும் வரை அது செல்லும் என்றது. அப்படி வழக்குப் போட ஒரு கெடு உண்டு. அந்தக் கெடு, மோசடி தெரிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகள்.

பெரும்பாலோர் இந்த மூன்று ஆண்டுகளைப் பஞ்சாயத்துப் பேசியே கழிக்கிறார்கள். சந்தேகம் வந்தவுடன் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்றும் பத்திர நகலும் வாங்கி, நம்பிக்கையான ஒருவரிடம் முழுவதும் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். "படித்துக் காட்டப்பட்டது" என்ற வரி இருந்தால், படித்தவர் யார், சாட்சி யார் என்று உடனே எழுதி வையுங்கள்.

ஒரு வாசகர், மதுரை