காளிக்குக் கிரீடம் 14,000, மேளத்துக்கு 1,32,000

அன்புள்ள கணேசா,

உன் கடிதம் கொடியேற்றத்துக்கு முந்தைய நாள் வந்தது. அன்றிலிருந்து உட்கார்ந்து எழுத நேரம் வாய்க்கவில்லை. காரணம் கேட்டால் சிரிப்பாய். இந்த ஆண்டு நம் ஊர்த் தசரா குழுவின் கணக்கை என் தலையில் கட்டிவிட்டார்கள். 'வங்கியில் முப்பது வருஷம் உட்கார்ந்தவர் ஊருக்கு ஒரு பத்து நாள் உட்காரக் கூடாதா' என்று நாட்டாமை கேட்டபோது மறுக்க முடியவில்லை. நீ மும்பையிலிருந்து அனுப்பிய 5,000 ரூபாய் என்ன ஆனது என்பதை நீ கேட்காவிட்டாலும் நான் சொல்லியாக வேண்டும்.

சிறு வயதில் நாம் குரங்கு வேடம் போட்டுக்கொண்டு குலசேகரன்பட்டினம் தசராவுக்குப் போனோமே, நினைவிருக்கிறதா? சணலில் வால் திரித்து, முகத்தில் சிவப்புச் சாயம் அப்பி, தட்டில் விழுந்த காசை ஒன்றுவிடாமல் முத்தாரம்மன் உண்டியலில் போட்டோம். நீ மட்டும் ஒரு நாலணாவுக்கு ஐஸ் வாங்கித் தின்றுவிட்டு மூன்று நாள் பயந்து கிடந்தாய். அந்தப் பயம்தான் இந்தத் திருவிழாவின் கணக்குப் புத்தகம் என்று எனக்கு இப்போதுதான் விளங்குகிறது. வேண்டுதல் உள்ளவன் எவ்வளவு வசதிக்காரனாக இருந்தாலும் வேடம் கட்டி, வீடு வீடாகக் கையேந்தித் தர்மம் எடுத்து, அதை அம்மனுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். சொந்தப் பணத்தை எடுத்து உண்டியலில் போட்டால் நேர்த்தி தீராது. எடுத்த தர்மத்தில் கைவைப்பதும் குற்றம். அப்படியானால் வேடத்துக்கும் மேளத்துக்கும் வண்டிக்கும் சோற்றுக்கும் காசு எங்கிருந்து வருகிறது? இங்கே எப்போதும் இரண்டு பைகள் உண்டு. ஒன்று அம்மன் பை, இன்னொன்று ஊர்ப் பை. கணக்கு எழுத உட்கார்ந்த பிறகுதான், ஊர்ப் பை எவ்வளவு பெரியது என்று பார்த்தேன்.

இந்த முறை 36 பேர் வேடம் கட்டினார்கள். மூன்று காளி, இரண்டு ஜோடி குறவன் குறத்தி, ஒரு எமன், கரடி, போலீஸ், மற்றவர்கள் ராஜாவும் ராணியும் பிச்சைக்காரரும். காப்புக் கட்டிய மூன்று நாளுக்குப் பிறகு புறப்பட்டு ஆறு நாள் ஊர் ஊராகச் சுற்றி, பத்தாம் நாள் கோயிலுக்குப் போனோம். அம்மன் பையில் சேர்ந்தது 1,51,340 ரூபாய். நாளொன்றுக்கு ஓர் ஆளுக்கு 700 ரூபாய் என்று வைத்துக்கொள். ஊர்ப் பையிலிருந்து போனது 2,32,000. மேளத்துக்கு நாளுக்கு 22,000 வீதம் 1,32,000, இரண்டு வண்டிகளுக்கு 42,000, சாப்பாட்டுக்கு 43,000, ஜெனரேட்டருக்கும் ஒலிபெருக்கிக்கும் 15,000. வரவு என்று பார்த்தால் 160 தலைக்கட்டுக்கு ஆயிரம் வரி போட்டதில் 1,60,000. உன்னைப்போல வெளியூரிலும் வளைகுடாவிலும் இருப்பவர்கள் அனுப்பியது 80,000.

இந்தக் கணக்கை வாசித்தபோது கல்லூரியில் படிக்கும் பையன் ஒருவன் எழுந்து, 'ஒன்றரை லட்சம் திரட்ட இரண்டேகால் லட்சத்துக்கு மேல் செலவழித்திருக்கிறோம், அதை நேராக உண்டியலில் போட்டிருக்கலாமே' என்றான். நியாயமான கேள்விதான். இளைஞர்கள் அவனை அதட்டினார்கள். பெரியவர் ஒருவர் மட்டும் அமைதியாக, 'தம்பி, அம்மனுக்குப் போனது ஒன்றரை லட்சம். மீதி யாருக்குப் போனது என்று நோட்டில் இருக்கிறது, படி' என்றார். அவன் படித்தானோ இல்லையோ, நான் படித்தேன்.

பெரும்பங்கு மேளத்துக்குத்தான். இரண்டு நாகசுரம், இரண்டு தவில், பம்பை, தமுக்கு, கரகம் ஆடும் இரண்டு பெண்கள், கூட இருவர். பத்துப் பேரில் ஆளுக்கு 1,500 முதல் 2,500 வரை பிரியும். நம் பக்கத்தில் சித்திரையிலிருந்து ஆடிவரை கோயில் கொடை விழாக்கள் இருக்கும், அதற்குப் பிறகு கலைஞர்களுக்குப் பெரிய வாய்ப்பு தசராதான். எல்லா ஊர்க் குழுக்களும் அதே பத்து நாளில் மேளம் கேட்பதால் கூலி ஏறிவிடுகிறது. ஆடியிலேயே முன்பணம் கொடுத்து நாளைப் பிடித்துக்கொள்ள வேண்டும். 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளும் கொரோனாவால் கூட்டத்துக்குத் தடை போட்டார்கள். கடற்கரையில் நடக்க வேண்டிய சூரசம்ஹாரம் கோயிலடியிலேயே முடிந்தது. அப்போது பக்தர்கள் காப்பைத் தங்கள் ஊர்க் கோயிலில் கட்டிக்கொண்டு நேர்த்தியை ஒத்திவைக்க முடிந்தது. கலைஞர்களால் அந்தப் பத்து நாள் கூலியை ஒத்திவைக்க முடியவில்லை. நம் குழுவுக்கு வாசிக்கும் தவில்காரர் அந்த ஆண்டுகளில் பனங்கிழங்கு விற்றதைச் சொன்னார்.

மேளம் இல்லாமல் போனால் என்ன என்று நீ கேட்கலாம். தர்மம் விழாது. ஒரு தெருவில் தமுக்குச் சத்தம் கேட்டால்தான் கதவு திறக்கிறது. கூட்டம் கூடினால் தட்டு நிறைகிறது. இதைக் கண்டுபிடித்த சில குழுக்கள் இன்னும் ஒரு படி மேலே போய், சினிமாப் பாட்டுக்கு ஆட நடனக்காரர்களைக் கூட்டிவந்தன. ஆட்டம் ஆபாசமாகிப் போய், வழக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைவரை சென்று தடையும் வந்தது. ஆடியவர்களைத் திட்டுகிறவர்கள் பலர். எனக்கென்னவோ, யார் தட்டு முதலில் நிறைகிறது என்று குழுக்கள் போட்டியிட்டதுதான் அந்த ஆட்டத்தை உண்டாக்கியது என்று தோன்றுகிறது.

இந்த 2,32,000இல் வேடச் செலவு சேரவில்லை. அது அவரவர் கைக்காசு. காளி கட்டிய மூன்று பேரில் ஒருவருக்குப் பொருள் வாங்க நானும் கூடப் போனேன். சூலம், வாள், நெற்றிப்பட்டை, கண்மலர், வீரப்பல், சடைமுடி, கூடுதல் கைகள், கிரீடம் என்று பட்டியல் நீண்டது. கிரீடத்துக்கு மட்டும் 14,000. விலையைக் கேட்டு முகம் சுளித்த நான், செய்கிறவர் பட்டறையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்த பிறகு வாயை மூடிக்கொண்டேன். முதலில் தலையைச் சுற்றி நூல் வைத்து அளக்கிறார். தடித்த அட்டையை அச்சு வைத்து வெட்டி, கம்பியில் கூடு கட்டி, மைதாப் பசையால் அடுக்கடுக்காக ஒட்டுகிறார். பூச்சி அரிக்காமலிருக்கப் பசையில் கொஞ்சம் மயில்துத்தம். காய்ந்த பிறகு ஜிகினாத் தாள், கல், கண்ணாடி. எல்லாம் முடிந்த பின் உள்ளே துணிமெத்தை தைப்பதற்குத்தான் அதிக நேரம் எடுத்துக்கொள்கிறார். 'மேலே மினுக்கு எல்லாரும் செய்வான், உள்ளேதான் வேலை' என்றார். மெத்தை மெலிதாக இருந்தால் இரண்டாம் நாளே நெற்றி புண்ணாகிவிடும். பசை சரியாகக் காயாவிட்டால் வியர்வையில் அட்டை நனைந்து கிரீடம் ஒருபக்கம் சாயும். தலையில் வைத்து வேகமாக இடமும் வலமும் ஆட்டிக் காட்டச் சொல்வார். அசைந்தால் திருப்பி வாங்கிக்கொள்வார்.

இரும்பில் சூலமோ வாளோ கூடாது என்று காவல்துறை தடுத்த பிறகு கொல்லர் வேலை போய்த் தச்சர் வேலை வந்திருக்கிறது. மரச்சூலத்துக்கு வெள்ளி வர்ணம் அடித்தால் ராத்திரியில் வித்தியாசம் தெரியாது. இப்போது வெளியூர்களிலிருந்து பிளாஸ்டிக் கிரீடங்களும் கால்வாசி விலைக்கு வந்து இறங்குகின்றன. குறவனுக்கும் ராணிக்கும் அவை போதும். காளி கட்டுகிறவர் மட்டும் இன்னும் பட்டறைக்கே வருகிறார். 48 நாளோ 41 நாளோ விரதம் இருந்து, குடிலில் தங்கி, தானே பொங்கி ஒருவேளை உண்கிறவனுக்குப் பிளாஸ்டிக் ஒப்பவில்லை. அம்மனின் சிலையே மயிலாடியில் ஓர் ஆசாரியிடம் கனவில் சொல்லிச் செய்வித்தது என்றுதானே நம் பாட்டி கதை சொல்வாள்.

தட்டைப் பற்றி ஒன்று சொல்ல மறந்தேன். இந்த முறை 1,51,340இல் 38,200 கைப்பேசி வழியாக வந்தது. எமன் கழுத்தில் அட்டை தொங்கியது. ஸ்கேன் செய்தால் குழுப் பொருளாளர் கணக்கில் விழும். ஆனால் தர்மம் எடுத்தவன் கையால் உண்டியலில் போட்டால்தான் நேர்த்தி என்று எல்லாரும் பிடிவாதம் பிடிக்க, பொருளாளர் பத்தாம் நாள் காலையில் வங்கி இயந்திரத்தில் பணம் எடுத்து ஆளுக்கு ஆள் பிரித்துக் கொடுத்தார். யார் தட்டுக்கு யார் அனுப்பியது என்று தெரியாமல் ஒரு சண்டையும் நடந்தது. அடுத்த ஆண்டு அட்டை வேண்டாம் என்று நான் சொல்லிவிட்டேன். இன்னொரு வேடிக்கை, பத்து ரூபாய் நாணயத்தை வாங்கவே மாட்டேன் என்று நம்மிடம் அடம்பிடிக்கும் கடைக்காரர்கள் அதை அம்மன் தட்டில் தாராளமாகப் போட்டார்கள். சில்லறையைச் சுமக்க முடியாமல் நாங்கள் நோட்டாக மாற்றக் கேட்டால், அதே கடைக்காரர்கள் நூற்றுக்கு ஐந்து பிடித்துக்கொண்டார்கள். அம்மன் பை குறையக் கூடாதென்று அந்த ஐந்தையும் ஊர்ப் பையிலிருந்துதான் ஈடுகட்டினோம். சாப்பாட்டுக் கணக்கில் எழுதியிருக்கிறேன், கண்டுகொள்ளாதே.

சூரசம்ஹார இரவு கடற்கரை நீ பார்த்ததுபோல இல்லை. மணலில் கால் வைக்க இடம் கிடையாது. தார்ப்பாய் விரித்த கடைகளில் வளையல், பொரி, பேரீச்சம்பழம். உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு எல்லாக் கருப்பட்டியும் உடன்குடிக் கருப்பட்டியாகிவிட்டது. உனக்கு ஒரு கிலோ வாங்கினேன். உடைத்துப் பார்த்துத்தான் வாங்கினேன். உள்ளே மங்கலாக இருந்தால் நல்லது, பளபளவென்று மின்னினால் சர்க்கரை கலந்தது. மூன்றாவது கடையில்தான் மங்கலானது கிடைத்தது.

ஊர்ப் பையில் 8,000 மீதி. அதை அடுத்த ஆடியில் மேளத்துக்கு முன்பணமாகக் கொடுப்பது என்று முடிவாகியிருக்கிறது. தவில்காரர் இப்போதே கேட்டுவிட்டார். உன் 5,000க்கு ரசீது இத்துடன் இருக்கிறது. கருப்பட்டி, வரும் வெள்ளிக்கிழமை மும்பை பஸ்ஸில் ஏறுகிற நம் தெருப் பையனிடம் கொடுத்தனுப்புகிறேன். பொங்கலுக்கு வருகிறாயா என்று எழுது.

அன்புடன்,
செல்வராஜ்