ஒத்தி வீட்டுக்கும் வாடகை உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒத்திக்கு வீடு பிடிப்பதைப் பற்றித் தங்கள் இதழில் வெளியான கட்டுரை, மாத வாடகை மிச்சம், கொடுத்த பணமும் முழுதாகத் திரும்பி வரும் என்ற இரண்டு ஆதாயங்களோடு முடிந்துவிட்டது. வங்கியின் கடன் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், அந்தக் கணக்கில் விடுபட்ட பகுதியை எழுத விரும்புகிறேன். தம் பணத்துக்கு வரவேண்டிய வட்டியைக் குடியிருப்பவர் வீட்டுக்காரருக்கு விட்டுக்கொடுக்கிறார் என்பதுதான் ஒத்தி. மாதாமாதம் கை மாறாமல் போகும் அந்த வட்டியே அவர் கொடுக்கும் வாடகை.

மாதம் 10,000 ரூபாய் வாடகைக்குப் போகக்கூடிய ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 1,20,000 ரூபாய். ஒத்திப் பணத்தை 7 சதவீத வட்டிக்கு வங்கியில் நிரந்தர வைப்பாகப் போட்டு வைக்கும் வீட்டுக்காரருக்கு இதே தொகை வட்டியாகக் கிடைக்க வேண்டுமானால், அவர் ஏறக்குறைய 17 லட்சத்து 14 ஆயிரம் ரூபாய் ஒத்தி வாங்க வேண்டும். 9 சதவீத வட்டியில் வீட்டுக் கடன் கட்டிக்கொண்டிருப்பவர் வரும் பணத்தைக் கொண்டு அந்தக் கடனைக் குறைத்துக்கொண்டால், 13 லட்சத்து 33 ஆயிரமே அவருக்குப் போதும். தனியாரிடம் நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டிக்கு, அதாவது ஆண்டுக்கு 24 சதவீதத்துக்குக் கடன் வாங்கிச் சிக்கிக்கொண்டவருக்கோ 5 லட்சம் கிடைத்தாலே வாடகைக்கு ஈடான வட்டி மிச்சமாகிவிடும். வீடு ஒன்றுதான், வாடகை மதிப்பும் ஒன்றுதான். ஆனால் பணம் எங்கே போகிறது என்பதைப் பொறுத்து ஒத்தித் தொகை 5 லட்சமாகவும் இருக்கலாம், 17 லட்சமாகவும் இருக்கலாம். ஒரே தெருவில் இரண்டு வீடுகளின் ஒத்தித் தொகை ஏன் இவ்வளவு வேறுபடுகிறது என்று வியப்பவர்கள் கட்டடத்தைப் பார்க்கிறார்களே தவிர, வீட்டுக்காரரின் கடனைப் பார்ப்பதில்லை.

ஆகவே, சந்தை நிலவரத்தைவிட மிகக் குறைந்த தொகைக்கு ஒரு வீடு ஒத்திக்கு வருகிறது என்றால் அதைப் பேறு என்று எண்ணி உடனே முன்பணம் கொடுத்துவிடாமல், சற்று நிதானிப்பது நல்லது. அந்த மலிவுக்குக் காரணம் பெரும்பாலும் வீட்டுக்காரரின் நெருக்கடியாக இருக்கும். நெருக்கடியில் வாங்கிய பணம் வாங்கிய வாரமே கடன்காரரிடம் போய்விடும். வைப்பில் போட்டவரிடம் முதல் அப்படியே இருக்கிறது, கேட்டால் எடுத்துத் தரலாம். கடனை அடைத்தவரிடமும் கல்யாணத்துக்குச் செலவிட்டவரிடமும் அது இருக்காது. அடுத்து ஒருவர் ஒத்திக்கு வந்து பணம் கொடுத்தால்தான் முந்தியவருக்குத் திருப்பித் தர முடியும்.

வரியும் இதில் சிறிது குறுக்கிடுகிறது. வாடகை வருமானத்தில் 30 சதவீதத்தைப் பராமரிப்புக்கென வருமான வரிச் சட்டம் கழித்துக்கொடுக்கிறது. வங்கி வட்டிக்கு அந்தக் கழிவு கிடையாது. 20 சதவீத வரி கட்டுபவருக்கு 1,20,000 ரூபாய் வாடகையில் வரி 16,800 ரூபாய் என்றால், அதே அளவு வட்டியில் 24,000 ரூபாய் ஆகும். வைப்பில் போடுகிற வீட்டுக்காரர் கணக்கிட்ட தொகைக்கு மேலே கொஞ்சம் கேட்பதற்கு இது நியாயமான காரணமே.

குடியிருப்பவரின் பக்கம் வருவோம். மேற்சொன்ன வீட்டை 15 லட்சத்துக்குப் பேசி முடித்தவர், அந்தப் பணத்தை 7 சதவீத வைப்பிலிருந்து எடுத்துத் தந்திருந்தால் மாதம் 8,750 ரூபாய் வட்டியை இழக்கிறார். 10,000 ரூபாய் வாடகையோடு ஒப்பிட்டால் அவருக்கு 1,250 ரூபாய் இலாபம். அதே 15 லட்சத்தை நகையை வைத்து 10 சதவீத வட்டிக்குப் புரட்டித் தந்திருந்தால், மாதம் 12,500 ரூபாய் வட்டி கட்டிக்கொண்டு, வாடகை இல்லாத வீட்டில் இருப்பதாகச் சொல்லிக்கொள்கிறார். இவருக்கு வாடகை வீடே மலிவு. கடன் வாங்கி ஒத்தி பிடிப்பதை எங்கள் கிளையில் நான் பலமுறை தடுக்கப் பார்த்திருக்கிறேன். வட்டி தனியாகவும் வாடகை தனியாகவும் மனத்தில் பதிவதால் பலர் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதே இல்லை.

தென் கொரியாவில் ஜொன்சே என்ற பெயரில் இதே முறை பெரிய அளவில் வழக்கத்தில் இருக்கிறது. பெரும்பாலும் இரண்டு ஆண்டு ஒப்பந்தம். வீட்டின் விலையில் பாதிக்கும் மேலே கூட வைப்புத்தொகையாகக் கொடுப்பார்கள். அங்கே வைப்புத்தொகையை மாத வாடகையாக மாற்றும்போது எந்த விகிதத்தில் மாற்றலாம் என்பதற்குச் சட்டமே உச்சவரம்பு வைத்திருக்கிறது: பொதுவாக அந்நாட்டு மைய வங்கியின் அடிப்படை வட்டி விகிதத்தோடு 2 சதவீதப் புள்ளி சேர்த்தது. வட்டிதான் வாடகை என்பதை இதைவிட வெளிப்படையாக ஒப்புக்கொள்ள முடியாது. அதே நாட்டில் 2022இல் வட்டி விகிதம் ஏறி, புதிதாக வருபவர்கள் கொடுக்கும் வைப்புத்தொகை இறங்கியபோது, பழைய தொகையைத் திருப்பித் தர முடியாமல் வீட்டுக்காரர்கள் பலர் கைவிரித்தார்கள். மோசடியில் பணத்தை இழந்தவர்களுக்காக 2023இல் தனிச் சட்டமே இயற்ற நேர்ந்தது.

நம்மிடையே பெரும்பாலான ஒத்திகள் முத்திரைத்தாளில் எழுதி, இரண்டு சாட்சிக் கையெழுத்தோடு நின்றுவிடுகின்றன. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டப்படி, சுவாதீனத்தோடு கூடிய அடமானமாக எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தால்தான், பணம் திரும்பும் வரை வீட்டை வைத்துக்கொள்ளும் உரிமை உறுதியாகும். வில்லங்கச் சான்றிலும் அது ஏறும். பதியாத தாளை நம்பியிருப்பவர், வீடு ஏற்கெனவே வங்கியில் அடமானத்தில் இருந்து கடன் தவறிப்போனால், வங்கி வீட்டைக் கைப்பற்றும்போது வெளியேற வேண்டியதாகிவிடும். பணம் கொடுக்கும் முன் வில்லங்கச் சான்று எடுத்துப் பார்ப்பதோடு, மூலப் பத்திரத்தைக் கண்ணால் பார்க்கவும் கேட்க வேண்டும். "பத்திரம் ஊரில் இருக்கிறது" என்ற பதில் வந்தால், அது எந்த வங்கியின் பெட்டகத்தில் இருக்கிறது என்பதே அடுத்த கேள்வி. பணத்தைக் காசோலையாகவோ வங்கிப் பரிமாற்றமாகவோதான் தர வேண்டும்; 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டப்படி வாங்கியவருக்கு அபராதத்தைக் கொண்டுவரும் என்பதால், ரொக்கத்தை வற்புறுத்துபவரிடம் இதைச் சொல்லலாம்.

பத்திரத்தில் வழக்கமாக இல்லாத ஒரு பிரிவையும் சேர்க்கும்படி வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். இந்த ஒத்தி மாதம் எத்தனை ரூபாய் வாடகைக்கு ஈடு என்பதை எழுதிக்கொள்ளுங்கள். காலம் முடிந்தும் பணத்தில் ஒரு பகுதி மட்டுமே திரும்பியிருந்தால், நின்ற பாக்கிக்கு ஏற்ப எவ்வளவு வாடகை கொடுத்துத் தொடர்ந்து குடியிருப்பது என்பதை அந்த எண்ணைக் கொண்டுதான் தீர்மானிக்க முடியும். 15 லட்சத்தில் 6 லட்சம் வந்துவிட்டதென்றால், இனி 4,000 ரூபாய் வாடகை, மீதிக்கு 9 லட்சத்தின் வட்டி ஈடு என்று சண்டையின்றிப் பேசிவிடலாம். "அடுத்த ஆள் வந்ததும் தந்துவிடுகிறேன், நீங்கள் சாவியைக் கொடுத்துவிட்டுப் போங்கள்" என்று கேட்கப்படும்போது, முழுத்தொகையும் வங்கிக் கணக்கில் ஏறும் வரை சாவி தம்மிடமே இருக்கும் என்பதையும் அதே பிரிவில் எழுதி வைப்பது நல்லது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்