எட்டாயிரம் ரூபாய்க்குக் கணக்குக் கேட்டு, கார் காப்பீட்டு நிறுவனத்தின் க்ளெய்ம் பிரிவு மேலாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பிப்ரவரியில் அவிநாசி சாலையில் என் கார் ஒரு லாரியின் பின்புறம் மோதிய கதை உங்கள் கோப்பில் இருக்கிறது. உங்கள் சர்வேயர் வந்து பார்த்து, படம் எடுத்து, அறிக்கையும் கொடுத்துவிட்டார். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

சனிக்கிழமை மாலை, பட்டறை மூடும் நேரம். பில் 53,000 ரூபாய். உங்கள் நிறுவனம் தருவது 35,500, மீதி 17,500-ஐக் கட்டினால்தான் வண்டி வெளியே போகும் என்றார் கேஷியர். ஏன் இவ்வளவு பிடித்தம் என்று கேட்டேன். கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். தேய்மானம் 15,000, கட்டாயப் பிடித்தம் 1,000, கழற்றிய பழைய பாகங்களின் மதிப்பு என்று சால்வேஜ் 1,500. மூன்றே வரி. எந்தப் பாகத்துக்கு எத்தனை சதவீதம் என்று எதுவும் இல்லை. கூடவே, 'க்ளெய்ம் முழுத் திருப்தியுடன் முடிந்தது' என்று ஒரு வவுச்சர். பின்னால் இரண்டு பேர் வரிசையில் நின்றார்கள். திங்கட்கிழமை வரை விட்டால் நிறுத்துமிட வாடகை வேறு. பணத்தைக் கட்டினேன். வவுச்சரில் மட்டும் 'தொகையை ஏற்கவில்லை, ஆட்சேபத்துடன் பெறுகிறேன்' என்று கையால் எழுதிவிட்டே கையெழுத்துப் போட்டேன். கேஷியர் முகம் சுளித்தார், போகட்டும்.

வீட்டுக்கு வந்து பாலிசியையும் பில்லையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். அந்த 15,000 எப்படி வந்திருக்கும் என்று நானே கணக்குப் போட்டேன், இப்படித்தான் பொருந்துகிறது. பிளாஸ்டிக் பம்பரும் கிரில்லும் 8,000, பாதி கழித்திருக்கிறீர்கள். பிளாஸ்டிக், ரப்பருக்கு 50 சதவீதம் என்று பாலிசியில் இருக்கிறது, சரி. முன் கண்ணாடி 7,000; கண்ணாடிக்குத் தேய்மானம் கிடையாது, முழுசாகக் கொடுத்திருக்கிறீர்கள். கூலி 6,000-க்கும் அப்படியே. 1,500 சிசிக்கு உட்பட்ட காருக்குக் கட்டாயப் பிடித்தம் 1,000 ரூபாய், அதிலும் எனக்கு வழக்கு இல்லை.

பானட், ஃபெண்டர் முதலான உலோகப் பாகங்கள் 20,000. இதற்கு வண்டியின் வயதை வைத்துத்தான் விகிதம்: இரண்டு வருடத்துக்கு மேல் மூன்று வருடம் வரை 15 சதவீதம், அதைத் தாண்டினால் நான்கு வருடம் வரை 25. விபத்தன்று என் வண்டிக்கு இரண்டு வருடம் பதினோரு மாதம். உதிரி பாகம் வரத் தாமதமாகி, பில் போட்டபோது மூன்று வருடம் கடந்துவிட்டது. நீங்கள் 25 கழித்திருக்கிறீர்கள். வண்டியின் வயதை இடித்த நாளை வைத்துப் பார்ப்பதா, பில் போட்ட நாளை வைத்துப் பார்ப்பதா? பட்டறையில் நின்ற வண்டிக்கு வயதை ஏற்றி 2,000 ரூபாய் பிடித்தது நியாயமில்லை.

பெயின்ட் வேலை 12,000. இதில் பாதியை அப்படியே வெட்டியிருக்கிறீர்கள். பெயின்டில் தேய்மானம் என்பது பொருளுக்கு மட்டும்தான், கூலிக்கு அல்ல. மொத்தமாக ஒரே தொகையாக பில் வந்தால், அதில் கால் பங்குதான் பொருள் என்று எடுத்துக்கொள்ள வேண்டும் என உங்கள் பாலிசியிலேயே அச்சிட்டிருக்கிறது. அதாவது 3,000-இல் பாதி, 1,500. நீங்கள் பிடித்தது 6,000. வித்தியாசம் 4,500.

அடுத்தது சால்வேஜ். பழைய உலோகத்துக்கு 1,500 கழித்தீர்கள். கழித்தால் அந்தப் பானட் எனக்குச் சொந்தம். நீங்கள் எடுத்துக்கொண்டால் கழிக்கக் கூடாது. பட்டறையில் கேட்டதற்கு, பழைய பாகங்களை உங்கள் ஆள் ஏற்கெனவே எடுத்துப் போய்விட்டதாகச் சொன்னார்கள். இரும்பும் போச்சு, காசும் போச்சு.

மூன்றும் சேர்ந்து 8,000. எனக்குச் சேர வேண்டியது 43,500.

உங்கள் உதவி மையத்தில் கேட்டபோது, "தேய்மானமே கழிக்காத ஜீரோ டெப் கவர் எடுத்திருக்கலாமே சார்" என்றார் ஒரு தம்பி. எடுத்திருக்கலாம்தான். எடுக்காதவனுக்குக் கணக்கைத் தப்பாகப் போடலாம் என்று எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கேட்டேன், வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டார். பாலிசி விற்கும்போது வாட்ஸ்அப்பில் விடிய விடிய வரும் செய்திகளில் நூற்றில் ஒன்றாவது இந்தக் கணக்குத் தாளாக இருந்திருக்கக் கூடாதா?

மன்னிக்கவும், கேட்க வந்ததை விட்டு எங்கோ போகிறேன். என் வேண்டுகோள் இதுதான்: சர்வேயர் அறிக்கையின் நகலையும், பாகம் வாரியாகப் பிடித்தம் காட்டும் கணக்குத் தாளையும் தயவுசெய்து அனுப்புங்கள். கணக்கைத் திருத்தி 8,000 ரூபாயை என் வங்கிக் கணக்கில் சேருங்கள். உங்கள் குறைதீர்ப்புப் பிரிவுக்கும் இதையே எழுத்தில் கொடுத்திருக்கிறேன். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டால் சென்னையில் உள்ள காப்பீட்டு ஆம்பட்ஸ்மேனிடம் போவேன். அங்கே கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். அதுவரை போகாமல், அந்தக் கணக்குத் தாளை அனுப்பிவிட்டால் நல்லது.

இப்படிக்கு,
உங்கள் பாலிசிதாரர்,
கோயம்புத்தூர்