வயது தெரியாதவரிடம் முதல் வாக்கியம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அறிமுகமில்லாதவரை ‘நீ’ என்பதா, ‘நீங்கள்’ என்பதா என்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பார்சலோடு வாசலில் வந்து நின்றவர் தலைக்கவசத்தைக் கழற்றாததால் அவர் வயது தெரியாமல் தடுமாறியதில் கட்டுரையாளர் தொடங்குகிறார். நம்மைவிடச் சிறியவராகத் தெரிந்தால் ‘நீ’, பெரியவராகத் தெரிந்தால் ‘நீங்கள்’, அதுதான் தமிழ் மரபும் இலக்கணமும் என்று முடிக்கிறார். இந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை.

நான் ஓய்வு பெற்ற பஸ் நடத்துநர். ஈரோடு, திருப்பூர், காங்கயம், தாராபுரம் தடங்களில் 32 ஆண்டுகள் டிக்கெட் கிழித்தவன். தினமும் சில நூறு பேரிடம் வாய் திறந்தாக வேண்டிய வேலை அது. யார், என்ன, எத்தனை வயது என்று விசாரித்துவிட்டுப் பேச அங்கே நேரம் கிடையாது. முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் வினைச்சொல்லின் கடைசி எழுத்தை முடிவு செய்துவிட வேண்டும்.

அந்த அவசரத்தில் நாம் உண்மையில் வயதைத்தான் பார்க்கிறோமா? பணியில் சேர்ந்த புதிதில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். மாலை நேரம், காங்கயம் போகிற வண்டி. தலையில் துண்டு கட்டிய ஒருவர் ஏறினார். சட்டையில் செம்மண் கறை, கையில் மடித்த சாக்கு. “எங்கே போகணும், சொல்லு” என்றேன். அடுத்து நின்ற இளைஞருக்கு இஸ்திரி போட்ட சட்டை. அதே மூச்சில் அவரிடம் “சார், எங்கே போகணும்?” என்றேன். இளைஞருக்கு இருபத்தைந்து இருக்கலாம். துண்டு கட்டியவருக்கு என் தகப்பனார் வயது இருக்கும்.

துண்டு கட்டியவர் கோபித்துக்கொள்ளவில்லை. “காங்கயம்” என்று மட்டும் சொன்னார். கொங்குப் பக்கத்தைத் தெரிந்தவர்களுக்கு அந்த ஒற்றைச் சொல்லின் கனம் புரியும். எங்கள் ஊர்ப் பேச்சில் எந்தச் சொல்லோடும் ‘ங்க’ ஒட்டும். ஊர்ப் பெயரைச் சொன்னாலும் “காங்கயமுங்க” என்றுதான் வரும். அவர் அதை வேண்டுமென்றே விட்டுவிட்டார். மீதிச் சில்லறை கேட்டபோதும் “மீதி இருக்கிறதா?” என்றார். என்னை ‘நீ’ என்று சொல்ல என் காக்கிச் சட்டை தடுத்தது. ‘நீங்கள்’ என்று சொல்ல அவர் மனம் இடம் கொடுக்கவில்லை. அதனால் தம் பேச்சிலிருந்தே என்னை அகற்றிவிட்டார். எதிரில் இருப்பவர் புண்பட்டிருக்கிறார் என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளத்தை நான் பின்னாளில் பார்த்ததில்லை. குரல் உயராது, முகம் மாறாது, ஆனால் வாக்கியத்தில் முன்னிலை காணாமல் போய்விடும்.

அவர் இறங்கும்போது “பார்த்து இறங்குங்க” என்றேன். கீழே கால் வைத்த பிறகு திரும்பி, “சரிங்க” என்றார். வழியெல்லாம் பிடித்து வைத்திருந்த அந்த ‘ங்க’ அப்போதுதான் வந்தது.

அவர் பெரிய அதிகாரியாகவோ ஆசிரியராகவோ பிறகு தெரியவந்தார் என்று நினைத்துவிட வேண்டாம். மண் வேலைக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தவர்தான். அன்று நான் பார்த்தது அவர் வயதை அல்ல, சட்டையை. சட்டையைப் பார்த்து அதற்குப் பின்னால் ஒரு சாதியையும் கூலியையும் என் மனம் ஊகித்துக்கொண்டது. என் சிறுவயதில் எங்கள் ஊரில் பத்து வயதுப் பையன் அறுபது வயதுப் பண்ணையாளைப் பெயர் சொல்லி “வா, போ” என்று கூப்பிடுவான். அந்தப் பெரியவர் பையனுக்கு ‘ங்க’ போட்டுப் பதில் சொல்வார். வயதுதான் நம் மரபு என்று கட்டுரையாளர் எழுதியதைப் படித்தபோது அந்தப் பெரியவரின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

இலக்கணத்தையும் அவர் துணைக்கு அழைப்பதால் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. ஒருவரைப் பன்மையில் சொல்வது “வழக்கினாகிய உயர்சொற் கிளவி”, இலக்கண முறைப்படி அமைந்தது அல்ல என்று தொல்காப்பியமே சொல்கிறது. சங்கப் புலவர்கள் அரசனையே ‘நீ’ என்றுதான் பாடினார்கள். யாருக்கு எந்தச் சொல் என்பது இலக்கணம் வகுத்த சட்டம் அல்ல, மக்கள் வழக்கம். வழக்கத்தை நாம் மாற்றிக்கொள்ளலாம்.

சரி, வயதும் நிலையும் தெரியாதபோது என்னதான் செய்வது? நான் பழகிக்கொண்டதைச் சொல்கிறேன்.

தமிழில் ‘வருகிறாய்’, ‘வருகிறீர்கள்’ என்று வினை முடியும்போதுதான் சிக்கல். ‘நீ’ என்ற சொல்லை வாயில் எடுக்காவிட்டாலும் அந்த முடிவு காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் ‘வேண்டும்’, ‘லாம்’, ‘இருக்கிறது’ போன்றவற்றில் முடியும் வாக்கியங்களுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. “எங்கே இறங்க வேண்டும்?”, “எத்தனை டிக்கெட்?”, “சில்லறை இருக்கிறதா?”, “இங்கே உட்காரலாமே” எல்லாம் பத்து வயதுக்கும் எண்பது வயதுக்கும் பொருந்தும். முதல் கேள்வியை இப்படிக் கேட்டுவிட்டால், அவர் பதில் சொல்லும் விதத்திலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும். “அண்ணா, ஒரு திருப்பூர்” என்றால் தம்மைச் சிறியவராக வைத்துக்கொள்கிறார். “ஒரு திருப்பூர் கொடுப்பா” என்றால் என்னைச் சிறியவனாக எண்ணுகிறார்.

ஆனால் இது முதல் இரண்டு மூன்று வாக்கியங்களுக்குத்தான் தாங்கும். அதற்கு மேலும் இப்படியே பேசினால், மேலே சொன்ன பெரியவர் என்னிடம் பேசியதுபோல் ஆகிவிடும். எதிரில் இருப்பவர் தம்மை யாரோ விலக்கி வைப்பதாக உணர்வார். ஏவலிலும் இந்த வழி அதிக தூரம் போகாது. படிக்கட்டில் தொங்குகிறவரிடம் “உள்ளே வரலாமே” என்று சொல்லிக்கொண்டிருந்தால் அதற்குள் வளைவு வந்துவிடும். அங்கே ‘வா’ அல்லது ‘வாங்க’ இரண்டில் ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அந்த இடத்தில் நான் எப்போதும் ‘வாங்க’ என்பதையே எடுத்துக்கொண்டேன். காரணம், ‘நீங்க’ என்று தொடங்கிவிட்டு ‘நீ’க்கு இறங்குவது சுலபம். எதிரில் இருப்பவரே “என்னை நீ என்றே சொல்லுங்கண்ணா” என்று உரிமை கொடுப்பார். ‘நீ’ என்று தொடங்கிவிட்டு ‘நீங்க’ என்று ஏறுவதுதான் அவமானம். ஒருமுறை கல்லூரி மாணவி என்று நினைத்து ஒரு பெண்ணிடம் “பாப்பா, கொஞ்சம் தள்ளி நில்லு” என்றேன். பயணத்தின் நடுவே அவர் அலுவலக அடையாள அட்டையைப் பார்க்க நேர்ந்தது. என் வாய் தானாகவே “மேடம், உட்காருங்க” என்றது. அவர் என்னைப் பார்த்த பார்வையில், மரியாதை தமக்கு வரவில்லை, அட்டைக்குத்தான் வந்தது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

உறவுச் சொல் ஒரு பக்கம், வினைமுடிவு ஒரு பக்கம் என்று பிரித்துக்கொண்டால் இன்னும் கொஞ்சம் வழி திறக்கும். ‘தம்பி’ என்று அழைத்தால் ‘வா’ என்றுதான் சொல்ல வேண்டும் என்பதில்லை. “தம்பி, உள்ளே வாங்க” என்பதில் அன்பும் இருக்கிறது, மரியாதையும் இருக்கிறது. எங்கள் பக்கம் பெற்ற குழந்தையையே “வாங்க கண்ணு” என்று கூப்பிடுகிறோம், இதில் விநோதம் ஒன்றுமில்லை. வயது சரியாகத் தெரியவில்லை என்றால் உறவுச் சொல்லை ஒரு படி இளமையாகவும் வினையை ஒரு படி உயர்வாகவும் வைப்பது நல்லது. ‘பெரியவரே’ என்பதைவிட ‘அண்ணா’, ‘பாட்டி’ என்பதைவிட ‘அம்மா’. ‘அம்மா’ என்பதில் வயதுக் கணக்கே இல்லை. பெற்ற மகளையும் “என்னம்மா” என்றுதானே கேட்கிறோம்?

வட்டாரத்தையும் மறந்துவிடக் கூடாது. திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளுக்கு மதுரை, தேனிப் பக்கமிருந்து நிறையப் பேர் வேலைக்கு வருகிறார்கள். அவர்களில் ஒரு பையன் “அண்ணே, ஒரு டிக்கெட் கொடுண்ணே” என்றபோது முதலில் எனக்குச் சுருக்கென்றது. பிறகு பழகப் பழகப் புரிந்தது. அவன் வீட்டில் அம்மாவும் ‘நீ’, அண்ணனும் ‘நீ’. மரியாதை முழுவதையும் அவன் அந்த ‘அண்ணே’யில் வைத்திருந்தான், நான் அதை வினையில் தேடியிருந்தேன். அதேபோல் நாங்கள் பிரியமாகச் சொல்லும் ‘அம்மிணி’ வெளியூர்ப் பெண்கள் சிலருக்குக் கேலியாகப் பட்டிருக்கிறது. முகம் சுளித்ததைக் கண்ட பிறகு முன்பின் தெரியாதவரிடம் அந்தச் சொல்லை விட்டுவிட்டேன்.

பள்ளிச் சீருடையில் இருக்கும் பிள்ளைகளிடம் ‘வா’ என்பதில் எனக்குத் தடை ஒன்றும் இல்லை. அரும்பு மீசைப் பருவத்திலிருந்துதான் கவனம் தேவை. பதினெட்டு, பத்தொன்பது வயதில் கம்பெனியில் இரண்டு ஷிப்ட் பார்த்துவிட்டுக் கண் சிவந்து ஏறும் பையன்கள் எத்தனையோ பேர். அவர்கள் சம்பளத்தில் ஒரு குடும்பம் நடக்கும். அந்தப் பையனிடம் “தம்பி, எங்கே போறீங்க?” என்றால் உடம்பு சற்று நிமிர்வதைக் கண்ணால் பார்க்கலாம்.

கட்டுரையாளரின் வாசலுக்கே வருகிறேன். தலைக்கவசம் போட்ட ஒருவர் பார்சலோடு நிற்கிறார், வயது தெரியவில்லை. “எவ்வளவு தர வேண்டும்?” என்று கேட்கலாம். “குடிக்கத் தண்ணீர் வேண்டுமா?” என்று கேட்கலாம். இரண்டிலும் ‘நீ’யும் இல்லை, ‘நீங்கள்’ என்பதும் இல்லை. தண்ணீர் குடிக்க அவர் தலைக்கவசத்தைக் கழற்றியதும் இருபது வயதுப் பையன் என்று தெரிந்தால், செம்பை வாங்கிக்கொண்டு “மழை வருகிறது, பார்த்துப் போங்க தம்பி” என்று சொல்லி அனுப்பட்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பஸ் நடத்துநர் ஒருவர்,
ஈரோடு.