காலி வண்டி திரும்பும் வழியில்: லாரி உரிமையாளர் சங்கத்துக்கு ஒரு மடல்

சேலம் மாவட்ட லாரி உரிமையாளர் சங்க நிர்வாகிகளுக்கு வணக்கம்.

வண்டிக்குச் சரக்கு தேடித்தரும் லோடு ஆப்புகள் வாடகையைக் கெடுக்கின்றன என்று கூட்டங்களில் பேசுகிறீர்கள். என் வண்டிக் கணக்கையும் கொஞ்சம் பாருங்கள்.

என் பத்துச் சக்கர வண்டி 18 டன் ஜவ்வரிசியோடு புனே போனது. முன்பெல்லாம் சரக்கை இறக்கியபிறகுதான் டிரைவர் புக்கிங் ஆபீஸ் புக்கிங் ஆபீஸாக ஏறி இறங்குவார். மூன்று நாள் நின்றும் அமையாமல் காலியாகத் திரும்பியதுண்டு. சுமார் 1,040 கிலோமீட்டர். லிட்டருக்கு 5 கிலோமீட்டர் கிடைத்தாலும் டீசலுக்கே 19,000 ரூபாய் போய்விடும்.

இந்த முறை வண்டி கோலாப்பூரைத் தாண்டும்போதே ஆப்பில் போட்டுவிட்டேன். எங்கே, எந்த நாள் காலியாகும், எத்தனை டன் ஏற்றும், எந்தப் பக்கம் போக வேண்டும், அவ்வளவுதான். புனேயோடு நிற்காமல் சுற்றி 250 கிலோமீட்டர் வரை தேடினேன். நாசிக் பக்கம் லாசல்காவில் சேலத்துக்கு வெங்காய லோடு கிடைத்தது, டன்னுக்கு 2,700. அங்கே காலியாகப் போக 4,200 ரூபாய் டீசல் ஆனது. சுமையோடு வந்த கூடுதல் டீசல், டோல், ஏற்றுக்கூலி, கமிஷன் எல்லாம் கழித்தும், காலியாக வந்திருந்தால் ஆகியிருக்கும் நிலையைவிட 27,000 ரூபாய்க்கு மேல் மிச்சம்.

ஆப்பில் சிக்கலும் உண்டு. ஒரே லோடை நாலு புரோக்கர்கள் நாலு ரேட்டில் போடுகிறார்கள். ஏற்றும் குடோன் எது என்று கேட்டால் மழுப்புகிறவர் கையில் லோடு இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். "கேட் பாஸுக்கு 2,000 அனுப்புங்க" என்று ஒருவர் வாங்கிக்கொண்டு போனை அணைத்துவிட்டார். அட்வான்ஸ் நமக்கு வர வேண்டியது, நாம் கொடுப்பதல்ல. அதை அன்று நான் மறந்துவிட்டேன்.

இன்னொன்று. லோடு போர்டு வகை ஆப் சரக்கு வைத்திருக்கும் ஆளைக் காட்டிவிடுவதோடு சரி. அட்வான்ஸ் போக மீதி வாடகையான பேலன்ஸ் வராவிட்டால் அது பொறுப்பேற்காது. தானே ஒப்பந்தம் எடுத்து வண்டி வைக்கும் அக்ரிகேட்டர் ரேட்டைக் குறைத்துத்தான் தருவான். ஆனால் அட்வான்ஸும் பேலன்ஸும் அவனே தர வேண்டும். புதுப் பார்ட்டி, தூரத்து ஊர் என்றால் நான் இரண்டாவதைத்தான் எடுக்கிறேன்.

வாடகை விழுகிறது என்ற உங்கள் கவலை நியாயமானதே. டீசல் காசு வந்தால் போதும் என்று நாமே ஏற்றுவதால்தான் ரிட்டர்ன் ரேட் விழுகிறது. அதனால் ஆப்பை ஒதுக்கச் சொல்லாமல், புனே, நாசிக், நாக்பூர் போன்ற ஊர்களிலிருந்து டன்னுக்கு எவ்வளவுக்குக் கீழே ஏற்றினால் நஷ்டம் என்ற கணக்கை மாதாமாதம் சங்கம் சொல்லட்டும். பேலன்ஸ் தராத பார்ட்டிகளின் எண்களை உறுப்பினர்கள் சரிபார்க்க ஒரு பட்டியல் இருக்கட்டும். ஆப் பார்க்கத் தெரியாத ஒற்றை வண்டிக்காரர்களுக்கு வண்டியைப் பதிவு செய்துதர சங்க ஆபீஸில் ஓர் ஆளைப் போடுங்கள். மாதம் இரண்டு நாள் நானே வந்து உட்காரத் தயார்.

இப்படிக்கு,
சங்ககிரி லாரி உரிமையாளர் ஒருவர்