"திருப்தி அடைந்தேன்" என்று கையெழுத்திடும் அதிகாரிகளுக்கு

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர்களுக்கும் மாநகரக் காவல் ஆணையர்களுக்கும்,

வணக்கம். ஆட்கொணர்வு மனு போட்டுப் பிழைக்கிற வழக்கறிஞர் நான். உங்கள் கையெழுத்துள்ள தடுப்புக் காவல் ஆணைகளைப் படிப்பதில்தான் என் காலை நேரம் பெரும்பாலும் போகிறது. அவற்றில் ஒரு பத்தி எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது. ஆணையின் கடைசிப் பகுதியில் வரும். இவர் சிறையில் இருக்கிறார் என்பதை அறிவேன். இதுபோன்ற வழக்குகளில் நீதிமன்றங்கள் ஜாமீன் கொடுத்திருக்கின்றன. ஆகவே இவரும் வெளியே வர வாய்ப்புண்டு. வந்தால் பொது ஒழுங்குக்குப் பங்கம் வரும். எனவே தடுத்து வைப்பது அவசியம் எனத் திருப்தி அடைந்தேன். பெயரும் குற்ற எண்ணும் மட்டும் மாறும். அந்தப் பத்தியைப் பற்றித்தான் இந்த மடல்.

எல்லோரும் குண்டர் சட்டம் என்று சொல்லும் 1982ஆம் ஆண்டின் தமிழ்நாடு 14ஆம் சட்டத்தில், பிரிவு 3 ஒரே ஒரு சொல்லில் நிற்கிறது. பொது ஒழுங்குக்கு ஊறு நேராமல் தடுக்க ஒருவரைக் காவலில் வைப்பது அவசியம் என்று அரசு "திருப்தி அடைந்தால்" ஆணையிடலாம். அந்த அதிகாரத்தை அரசு உங்களுக்குக் கொடுத்திருக்கிறது. நீங்கள் கையெழுத்திட்டால் 12 நாட்களுக்குள் அரசு ஒப்புதல் தரவேண்டும். அப்புறம் ஆணையைப் பரிசீலிக்கும் அறிவுரைக் கழகம். ஆணை நிலைத்தால் 12 மாதம் வரை சிறை. சாட்சி விசாரணை இல்லை, குறுக்கு விசாரணை இல்லை, குற்றம் நிரூபணமாக வேண்டியதும் இல்லை. ஒரு குற்ற வழக்கில் பத்துப் பதினைந்து சாட்சிகள் செய்யும் வேலையை இங்கே உங்கள் மனம் ஒன்றே செய்கிறது.

இது எவ்வளவு அபூர்வமான அதிகாரம் என்பதற்கு நம் ஊர் வழக்கு ஒன்றே சாட்சி. 1950இல் சென்னை அரசு ஒரு கல்விச் சங்கத்தைச் சட்டவிரோதமானது என்று அறிவித்தது. அரசின் கருத்தும் ஒரு ஆலோசனைக் குழுவும் போதும், நீதிமன்றம் தேவையில்லை என்பது அந்தச் சட்டத்தின் போக்கு. வி.ஜி.ராவ் வழக்கில் 1952இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அரசின் திருப்தியை நம்பி விடும் முறையைத் தடுப்புக் காவலுக்கு மட்டும் அரசியலமைப்பு பொறுத்துக்கொள்கிறது, அதையே சங்கம் அமைக்கும் உரிமைக்கும் நீட்டிக்கொண்டு போக முடியாது என்றது. வேறு எங்கும் செல்லாத நாணயம் உங்கள் மேசையில் மட்டும் செல்லுபடியாகிறது.

சரி, நீதிமன்றம் இதில் எவ்வளவு தூரம் உள்ளே வரலாம்? 1974இல் குதிராம் தாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாகவே வகுத்தது. உங்கள் முடிவு சரியா தவறா என்று நீதிபதி கேட்க மாட்டார். ஆதாரம் போதுமா என்றும் எடை போட மாட்டார். அந்த இடத்தில் தான் இருந்தால் என்ன செய்திருப்பேன் என்றும் யோசிக்க மாட்டார். ஆனால் திருப்தி என்ற ஒன்று உண்மையிலேயே ஏற்பட்டதா என்று கேட்பார். நீங்களே யோசித்தீர்களா, யாரோ சொன்னதை எழுதினீர்களா? சட்டம் சொன்ன நோக்கத்துக்காகவா, வேறெதற்காகவா? பார்க்கவேண்டியதைப் பார்க்காமல் விட்டீர்களா, பார்க்கக் கூடாததைப் பார்த்தீர்களா? நிதானமுள்ள எவரும் வரமுடியாத முடிவா? சுருக்கமாக, உங்கள் தலைக்குள் நீதிபதி எட்டிப் பார்க்க மாட்டார். உங்கள் மேசையில் என்னென்ன காகிதம் இருந்தது என்று எண்ணிப் பார்ப்பார்.

அந்த எண்ணிக்கை எப்படி நடக்கிறது என்பதற்கு ரேகா எதிர் தமிழ்நாடு அரசு வழக்கை விட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. காலாவதியான மருந்துகளை விற்றதாகச் சொல்லி ஒருவர் கைது செய்யப்பட்டார். அவர் சிறையில் இருக்கும்போதே, 2010 ஏப்ரலில், அவர் மீது குண்டர் சட்டம் பாய்ந்தது. அந்த ஆணையிலும் நான் சொன்ன பத்தி இருந்தது. அவர் இன்னும் ஜாமீன் மனு போடவில்லை. உறவினர்கள் போட முயல்வதாக ஆணையைக் கோரிய காவல் அதிகாரி சொல்கிறார். இதுபோன்ற வழக்குகளில் காலம் கடந்து ஜாமீன் கிடைத்திருக்கிறது. எனவே வெளியே வரும் வாய்ப்பு மெய்யானது.

படிக்கும்போது நியாயமாகத்தான் தோன்றும். சிறையில் இருப்பவரைத் தடுத்து வைக்கவே கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. அவர் உள்ளே இருப்பது அதிகாரிக்குத் தெரிந்திருக்க வேண்டும், வெளியே வரும் மெய்யான வாய்ப்பு இருப்பதாக நம்ப ஆதாரம் வேண்டும், வந்தால் மறுபடி அதே வேலையில் இறங்குவார் என்பதற்கும் ஆதாரம் வேண்டும். இவை ஏற்கெனவே இருந்த விதிகள். 2011இல் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு நடுவில் உள்ளதைப் பிடித்துக்கொண்டது. எந்த "இதுபோன்ற வழக்கு"? அந்த ஜாமீன் மனுவின் எண் என்ன? உத்தரவு எந்தத் தேதியில் வந்தது? ஜாமீன் பெற்றவர் இதே வழக்கின் சக குற்றவாளியா, இவரும் அவரும் ஒரே நிலையில் இருந்தவர்களா? ஆணையில் எதற்கும் பதில் இல்லை. ஜாமீன் மனுவே நிலுவையில் இல்லாதபோது வெளியே வருவார் என்பது அதிகாரியின் வாய்வார்த்தை மட்டுமே என்று சொல்லி ஆணையை ரத்து செய்தார்கள். மருந்து விற்றது உண்மையா என்ற கேள்விக்குள் போகவே தேவைப்படவில்லை.

அதற்குப் பிறகு உங்கள் அலுவலகங்கள் பாடம் கற்றுக்கொண்டன. என்ன பாடம் என்பதில்தான் எனக்கு வருத்தம். இப்போது ஆணையோடு வரும் ஆவணத் தொகுப்பான புக்லெட்டில் ஒரு ஜாமீன் உத்தரவின் நகல் தவறாமல் இருக்கிறது. எண் இருக்கிறது, தேதி இருக்கிறது. அதை எடுத்துப் படித்தால்தான் விஷயம் தெரியும். நான் நடத்திய ஒரு வழக்கில், பிடிபட்டவர் சிறைக்கு வந்து 20 நாள்கூட ஆகவில்லை. "இதுபோன்ற வழக்கு" என்று இணைத்திருந்த உத்தரவோ, 90 நாளாகியும் குற்றப்பத்திரிகை தாக்கலாகாததால் சட்டப்படி தானாகக் கிடைத்த ஜாமீன். அதற்கும் இவருக்கு ஜாமீன் கிடைக்கும் என்பதற்கும் என்ன சம்பந்தம்? போலீஸ் காலத்தில் குற்றப்பத்திரிகை போடமாட்டார்கள் என்று ஆணையிட்ட அதிகாரி முன்கூட்டியே திருப்தி அடைந்துவிட்டாரா என்று நீதிமன்றத்தில் கேட்டேன். சிரிப்பு எழுந்தது. ஆனால் அந்த நாள் வருவதற்குள் என் கட்சிக்காரர் ஏழு மாதம் உள்ளே இருந்துவிட்டார்.

வேறொரு ஓட்டை இதைவிடப் பெரியது: உங்கள் மேசைக்கு வராத காகிதம். திரிபுராவில் போதைப்பொருள் தொடர்பான தடுப்புக் காவல் வழக்கொன்று 2022இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. ஆணைக்கு ஆதாரமாகக் காட்டிய இரண்டு வழக்குகளிலும் அந்த மனிதர் ஏற்கெனவே ஜாமீனில் இருந்தார். ஆணையைக் கோரிய காவல்துறை அதைச் சொல்லவில்லை. சாதாரண வழக்காக இருந்தால் இது சிறு தவறாகத் தோன்றலாம். ஆனால் போதைப்பொருள் சட்டத்தின் பிரிவு 37 ஜாமீனுக்கு மிகக் கடினமான வாசல். இவர் குற்றமற்றவர் என நம்ப நியாயமான காரணம் உண்டு, வெளியே வந்தால் குற்றம் செய்ய மாட்டார் என்று நீதிமன்றம் திருப்தி அடைந்தால்தான் அந்த வாசல் திறக்கும். கவனியுங்கள், அங்கேயும் அதே "திருப்தி". ஒரு நீதிபதி அரசு வழக்கறிஞரையும் கேட்டு அடைந்த அந்தத் திருப்தி, தடுப்பாணை போட்டவரின் கண்ணிலேயே படவில்லை. தெரிந்திருந்தால் அவர் மனம் வேறு பக்கம் சாய்ந்திருக்கலாம். அந்த "கலாம்" போதும், ஆணை விழுந்துவிடும். அதோடு, பரிந்துரைக்கும் ஆணைக்கும் இடையில் நான்கு மாதத்துக்கு மேல் ஓடியிருந்தது. அவ்வளவு அவசரமான ஆபத்து என்றால் ஏன் அவ்வளவு நாள் கோப்பு தூங்கியது என்ற கேள்விக்கும் பதில் இல்லை.

எங்கள் பக்கத்துக் குறையையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் திருப்தியின் உள்ளே போக முடியாததால் நாங்கள் கதவு, ஜன்னல், தாழ்ப்பாள் என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம். தமிழ் மட்டும் தெரிந்தவருக்கு ஒரு ஆவணத்தை ஆங்கிலத்தில் மட்டும் கொடுத்ததற்காக 1999இல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டு ஆணை ஒன்றை ரத்து செய்தது. அதற்குச் சற்று முந்தைய இன்னொரு வழக்கில், அமைச்சர் சுற்றுப்பயணத்தில் இருந்ததால், காவலை எதிர்த்து அரசுக்கு அனுப்பிய மனு சில நாட்கள் கிடந்தது, ஆணையை ரத்து செய்ய அதுவே போதுமானதாக இருந்தது. இவை சரியான தீர்ப்புகள்தான். தன்னை ஏன் பிடித்தார்கள் என்று படித்துப் புரிந்துகொள்ள முடியாதவன் எப்படிப் பதில் சொல்வான்? ஆனாலும் நாள் கணக்குப் போட்டு, விடுமுறைகளைக் கழித்து, விளக்கமில்லாத ஒன்பது நாள் தாமதம் என்று நான் வாதாடி ஜெயிக்கும்போது, என் கட்சிக்காரர் உண்மையில் ஆபத்தானவரா இல்லையா என்று அந்த அறையில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். நிஜமாகவே ஊரை நடுங்கவைப்பவர் ஒரு மொழிபெயர்ப்புப் பிழையில் வெளியே போவார். ஒரு அடிதடி வழக்கைத் தவிர வேறெதுவும் இல்லாத பையன், புக்லெட் ஒழுங்காக இருக்கிற ஒரே காரணத்தால் உள்ளே கிடப்பான்.

ஆகவே நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பரிந்துரை உங்களிடம் வரும்போது, அந்த ஜாமீன் பத்தியை இன்ஸ்பெக்டர் தட்டச்சு செய்து கொண்டுவருவதை ஏற்காதீர்கள். நீங்களே எழுதுங்கள், நாலு வரியானாலும் சரி. இணைத்திருக்கும் ஜாமீன் உத்தரவை எடுத்து, அது ஏன் கிடைத்தது என்று படியுங்கள். இவருடைய எல்லா வழக்குகளின் இன்றைய நிலையையும் எழுத்தில் வாங்குங்கள். எதிலாவது ஜாமீன் கிடைத்திருந்தால் அந்த உத்தரவை முழுசாக. ஏற்கெனவே ஜாமீனில் இருப்பவர் என்றால், அதை ரத்து செய்ய ஏன் மனு போடவில்லை என்று முதலில் கேளுங்கள். தெலங்கானாவின் இதேபோன்ற சட்டத்தின் கீழ் வந்த மோசடி வழக்கொன்றில் 2021இல் உச்ச நீதிமன்றம் இதையே சுட்டிக்காட்டியது: ஜாமீன் பிடிக்கவில்லையென்றால் மேல்முறையீடு இருக்கிறது, தடுப்புக் காவல் அதற்கு மாற்று வழி அல்ல. இதற்கெல்லாம் ஒரு மணி நேரம் ஆகும். கேள்விகளுக்குப் பதில் கிடைக்காத கோப்பைக் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பும் அதிகாரமும் அதே பிரிவு 3இல்தான் இருக்கிறது.

அப்படித் திருப்பி அனுப்பப்பட்ட கோப்பு எதையும் நான் பார்க்க வாய்ப்பில்லை, என் மேசைக்கு வருவது கையெழுத்தான ஆணைகள்தான். அவற்றின் எண்ணிக்கை குறைந்தால் எனக்கு வருமானம் குறையும். அதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஆணைகளைத் தவறாமல் படிக்கும் ஒரு வழக்கறிஞர்